பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதியவன்

நான் காப்பி அடித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொள்வீர்கள், அந்தப் பெருமையையும் உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு பொறாமைக்காரன் நான்.

முப்பது வருடமாகப் பரீட்சை அறைகளில் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்த பிள்ளைகளை எழுப்பி முன்பெஞ்சுக்கு மாற்றியவன். 'அவன் தப்பா எழுதியிருந்தா நீயும் தப்பா எழுதுவியா?' என்கிற வசனத்தை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அப்படிப்பட்ட நான், ஐம்பத்தாறாவது வயதில், ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக, மாவட்டத்துத் தலைமை ஆசிரியர்கள் எல்லாரும் கூடியிருந்த ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலிக்காரனின் தாளைப் பார்த்து எழுதினேன். அவன் தப்பாக எழுதவில்லை. அவனுக்குச் சரி. எனக்குத்தான் தப்பு.

பக்கத்து நாற்காலிக்காரன் என் மாப்ள. உறவில் அல்ல, இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே அறையில் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியவர்கள். அவன் வேதியியல், நான் இயற்பியல். அன்றைக்கு ஆரம்பித்த 'மாப்ள' இன்றைக்கும் விடவில்லை. அவன் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். நான் பக்கத்தில் இருக்கும்போது மனைவியிடம் போனில் அந்த மொழியில் ஏதாவது சொல்வான். என்னைப் பற்றித்தான் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றும். 'பால் வாங்கி வையி'ன்னு சொன்னேன்டா என்பான். நம்பமாட்டேன்.

இருவரும் ஒரே வருடம் தலைமை ஆசிரியர் ஆனோம். அவனுக்கு விளாங்குடிப் பக்கம், பேருந்திலிருந்து இறங்கினால் பள்ளிக்கூடம். எனக்குப் பரவை மார்க்கெட்டைத் தாண்டி உள்ளே. காலையில் காய்கறி லாரிகளுக்கு நடுவே வண்டியை நுழைத்து, தக்காளிச் சேற்றில் ஒரு காலை ஊன்றி, பிரார்த்தனைக்குப் போய்ச் சேர வேண்டும். அவன் பள்ளியில் பிளஸ் டூ தேர்ச்சி எப்போதும் முழுசு. என் பள்ளியில் எப்போதும் ஒன்றோ இரண்டோ குறையும். கூட்டங்களில் முழுத் தேர்ச்சிப் பள்ளிகளுக்கு ஒரு கேடயம் கொடுப்பார்கள். அவன் அதை வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, 'கொஞ்சம் பிடி மாப்ள, செருப்பு வாரு அறுந்துருச்சு' என்று என் மடியில் வைப்பான். நான் பிடித்துக்கொண்டிருப்பேன். பார்க்கிறவர்களுக்கு என்னுடையது மாதிரியே இருக்கும்.

அந்த ஆகஸ்ட் கூட்டத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பாடவாரியாக வரிசைகள். ஒவ்வொரு பாடத்துக்கும் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, வேலை பார்ப்பவர் எத்தனை, காலி எத்தனை, அடுத்த சில மாதங்களில் பதவி உயர்வாலோ நீண்ட விடுப்பாலோ ஆள் குறைய வாய்ப்பு உண்டா, தற்காலிக ஆசிரியர் தேவைப்படுமா. நிதானமாகப் பார்த்து எழுதச் சொன்னார்கள்.

எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்கள் இரண்டு. ஒன்று, என் பள்ளியின் இயற்பியல் டீச்சர் முந்தைய வாரம்தான் என் அறைக்கு வந்து, காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மகப்பேறு விடுப்பில் போவதாகச் சொல்லியிருந்தார். நானும் வாழ்த்துச் சொல்லி ஒரு மைசூர்பாகைத் தின்றிருந்தேன். இரண்டு, கணக்கு ஆசிரியர் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் மேலே இருந்தார். கலந்தாய்வு எப்போது நடந்தாலும் அவர் கிளம்பிவிடுவார். அதற்கும் வாழ்த்துச் சொல்லியிருந்தேன், அதற்கு அல்வா.

எழுத வேண்டியது தெளிவு: இயற்பியல் ஒன்று, கணிதம் ஒன்று, தேவை. பேனாவைத் திறந்தேன். பக்கத்தில் மாப்ள தன் படிவத்தில் வரிசை வரிசையாக 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று எழுதிக்கொண்டு போனான். அவன் கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். ஒவ்வொரு 'இல்லை'யும் ஒரு கேடயம் மாதிரி நின்றது. குறையே இல்லாத பள்ளி! அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு 'எனக்கு ரெண்டு ஆள் கொறையுது' என்று எழுதுவது, பந்தியில் அடுத்த இலைக்காரன் 'போதும்' என்று கை காட்டும்போது நான் இலையை நீட்டுவது மாதிரிப் பட்டது.

நானும் எழுதினேன். 'இல்லை.' 'இல்லை.' 'இல்லை.' வேகத்தில் எண்களையும் கண் ஓரமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனேன். கொடுத்துவிட்டு, இருவரும் டீ குடித்தோம். அன்றைக்கு டீ நன்றாக இருந்ததாக ஞாபகம்.

அக்டோபர் பிறந்ததும் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் போனார்கள். கணக்கு சார் உத்தரவு கிடைத்த மறுநாளே விடுவிப்பு வாங்கிக்கொண்டு போனார். டீச்சர் ஆட்டோவில் கிளம்பினார். பிளஸ் டூ அறிவியல் பிரிவில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். மொழிப் பாடங்கள் போக அவர்களுக்கு நான்கு பாடங்கள்; அதில் இரண்டுக்கு ஆள் இல்லை. மார்ச்சில் பொதுத் தேர்வு. இயற்பியலில் முதல் தொகுதியே இன்னும் பாதி கிடந்தது.

இதை வெளியே இருந்து பார்க்கிறவர்கள், 'காலி இடத்துக்கு ஆள் போட வேண்டியதுதானே' என்பார்கள். பதவி உயர்வில் போனவரின் இடம் காலி. விடுப்பில் போனவரின் இடம் காலி இல்லை. அதில் ஆள் இருக்கிறார், வரமாட்டார், அவ்வளவுதான். காலிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக ஒருவரை அமர்த்தலாம், மேலே அனுமதி கிடைத்தால். காலி இல்லாத காலிக்கு நாமே ஏதாவது செய்துகொள்ள வேண்டும்.

முதலில் கால அட்டவணையைப் பிரித்துப் போட்டேன். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் பட்டதாரி ஆசிரியரைக் கெஞ்சிப் பிளஸ் டூவுக்கும் அனுப்பினேன். அவர் விட்ட ஒன்பதாம் வகுப்பை அறிவியல் ஆசிரியரிடம் தள்ளினேன். அறிவியல் ஆசிரியர் விட்ட ஏழாம் வகுப்பை உடற்கல்வி ஆசிரியர் மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஓர் ஓட்டையை அடைக்க அடுத்த சுவரில் கல் பிடுங்குகிற வேலை. ஓய்வுப் பாடவேளை என்ற ஒன்று யாருக்கும் இல்லாமல் போனது. ஆசிரியர் அறையில் என்னைக் கண்டால் பேச்சு நின்றது.

பிறகு மேலாண்மைக் குழுவைக் கூட்டினேன். தலைவி, ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா. மார்க்கெட்டில் வெங்காயக் கடை. தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் கேட்டது இதுதான்: "டீச்சர் மாசமா இருக்காங்கன்னு ஆடி மாசமே எங்களுக்கெல்லாம் தெரியுமே சார். ஒங்களுக்குத் தெரியாதா?"

வேலை நெருக்கடி என்று ஏதோ சொன்னேன்.

தீர்மானத்தைத் தூக்கிக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலகம் போனேன். அங்கே கோப்பைப் பார்க்கும் கண்காணிப்பாளர் அம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டு, ஆகஸ்ட் படிவக் கட்டை எடுத்தார்.

"ஆகஸ்டுல ஒண்ணும் தேவையில்லன்னு எழுதியிருக்கீங்க. இப்ப ரெண்டு கேக்குறீங்க."

எதிர்பாராமல் வந்துவிட்டது என்றேன். பிரசவத்தை எதிர்பாராதது என்று சொன்ன முதல் ஆண் நானாக இருக்க மாட்டேன்.

அவர் படிவத்தை என் பக்கம் திருப்பினார். "இதையும் பாருங்க சார். தொழிற்கல்வி வரிசையில 'பணியிடம் ஒன்று, வேலை பாப்பவர் ஒன்று'ன்னு போட்டிருக்கீங்க. ஒங்க ஸ்கூல்ல தொழிற்கல்விப் பிரிவே கிடையாதே."

கிடையாதுதான். இருந்ததும் இல்லை. மாப்ளயின் பள்ளியில் உண்டு.

"கை தவறிருச்சு மேடம்."

"அதே கை இன்னொரு ஸ்கூல் படிவத்துலயும் தவறியிருக்கு. அங்க மட்டும் சரியா இருக்கு." அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு விளக்கக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார். பரீட்சை அறையில் பிட்டோடு பிடிபட்ட பிள்ளைகளிடம் நான் எழுதி வாங்குவேனே, அதே தோரணை, அதே இடத்தில் கையெழுத்து. ஆகஸ்டில் கேட்காத விடுப்பு இடத்துக்கு ஆள் கிடையாது என்றார்; கணக்குக்கு அனுமதி வருவதற்கு மூன்று வாரம் ஆனது. நேரத்தோடு எழுதியிருந்தால் தற்காலிக ஆசிரியர் முதல் நாளே வந்து நின்றிருப்பார். பிறகு வந்த கணக்கு டீச்சர் நல்லபடியாக நடத்தினார். அவர் மேல் எனக்குப் பொறாமை எதுவும் இல்லை. கணக்கில் எனக்குப் பெருமை இருந்ததில்லை.

இயற்பியல்தான் பிரச்சினை. இயற்பியலில் எனக்குப் பெருமை இருந்தது.

நானே எடுக்கிறேன் என்று அறிவித்தேன். ஆசிரியர் அறையில் ஒரு கைதட்டலைக்கூட எதிர்பார்த்தேன். தலைமை ஆசிரியர் ஆன பிறகு வகுப்பு என்று ஒழுங்காக எடுத்து வருடக்கணக்கு ஆகிவிட்டது. அதற்குள் பாடத்திட்டம் மாறி, புத்தகம் தடித்து இரண்டு தொகுதியாகிவிட்டது. இருந்தால் என்ன? காந்தமும் மின்சாரமும் மாறிவிடுமா? மாறவில்லை. நான்தான் மாறியிருந்தேன். மின்காந்தத் தூண்டலைத் தொடங்கி தன்னை உண்டாக்கிய அசைவையே தூண்டு மின்னோட்டம் தடுக்கும் என்கிற லென்ஸ் விதியைப் பலகையில் எழுதுவதற்குள் அலுவலக உதவியாளர் கையெழுத்துக்கு ஒரு தாளோடு வாசலில் நிற்பார். இணையத்தில் வருகைப் பதிவு ஏறவில்லை என்று போன் வரும். திரும்பி வந்தால் எங்கே விட்டேன் என்று பிள்ளைகளைக் கேட்க வேண்டும். அவர்களுக்கும் தெரியாது. அதனால் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டார்கள். கேள்வி கேட்கவில்லை. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் மாப்ள போன் பண்ணினான்.

"என்ன மாப்ள, பிசிக்ஸுக்கு ஆள் இல்லையாம்ல?"

"யாருடா சொன்னது? நானே எடுக்குறேன். பிரமாதமாப் போகுது."

"அதான் கேட்டேன். எங்ககிட்ட ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தவங்கள செவ்வாயும் வியாழனும் அனுப்புறேன். அவங்க வாரேன்னுட்டாங்க. நீ லெட்டர் மட்டும் குடு."

முறை இதுதான்: ஆள் தேவை என்று நான் கடிதம் கொடுக்க வேண்டும், ஆட்சேபம் இல்லை என்று அவன் எழுத வேண்டும், மேலிருந்து மாற்றுப்பணி உத்தரவு வரும். உத்தரவில் ஒரு தேதி இருக்கும். இது அரையாண்டுத் தேர்வு வரைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் நான் மறுபடி கேட்க வேண்டும். நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்காகக் கொடுத்தேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில், வேண்டாம் என்றால் பொறாமை என்று நினைத்துவிடுவானோ என்கிற பொறாமையில் கொடுத்தேன்.

விளாங்குடி டீச்சர் ஸ்கூட்டரில் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், மெல்லிய குரல், தோளில் ஒரு துணிப்பை. இந்தக் குரல் மூன்றாம் பெஞ்சைத் தாண்டாது என்று எனக்கு ஒரு நிம்மதி. அந்தப் பையிலிருந்து கை நீளத்துக்கு ஓர் அலுமினியக் குழாயும் வட்டக் காந்தம் ஒன்றும் எடுத்தார். நான் தற்செயலாக அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு நான்கு முறை தற்செயலாக நடந்தேன்.

குழாயை நிமிர்த்திப் பிடித்து அதற்குள் ஒரு சாக்பீஸ் துண்டைப் போட்டார். டக்கென்று கீழே விழுந்தது. பிறகு காந்தத்தைப் போட்டார். விழவில்லை. பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். ஒரு பெண் எண்ணவே ஆரம்பித்துவிட்டாள். மூன்று எண்ணும்போது காந்தம் மெதுவாக, சொந்தக்காரர் வீட்டுப் படியில் இறங்குகிற கிழவர் மாதிரி இறங்கி வந்தது. வகுப்பு மொத்தமும் ஒரு சத்தம் போட்டது. 'அலுமினியத்துல காந்தம் ஒட்டாதே, அப்புறம் அதை யாரு பிடிச்சு இழுத்தா?' என்று டீச்சர் கேட்டார், அதே மெல்லிய குரலில். இருபது பேர் பதில் சொன்னார்கள். நான் நான்கு பாடவேளை சொல்லி எழுத வைத்த லென்ஸ் விதியை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள், எனக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல்.

அதற்குப் பிறகு நான் செய்தது கேவலம். கால அட்டவணை ஒரு தலைமை ஆசிரியரின் கையில் இருக்கிற ஆயுதம். என் அப்பா திருவாதவூர்க் கண்மாய்ப் பாசனத்தில் அடுத்தவர் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். தண்ணீர் குறைந்த வருடத்திலும் யாருக்கு எவ்வளவு என்று அவரைத்தான் கேட்பார்கள்; அவருக்குச் சொந்தமாக வயல் இல்லை, ஒரு பக்கம் சாய மாட்டார். எனக்கு வயல் இருந்தது, அதுதான் தொல்லை. காலை முதல் பாடவேளைகளை எனக்கு எழுதிக்கொண்டேன். டீச்சருக்கு இரண்டு நாளும் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த இரண்டு பாடவேளை. சாம்பார் சாதமும் முட்டையும் தின்றுவிட்டு வருகிற பிள்ளைகளை மதியம் ஒன்றரை மணிக்கு விழிக்க வைக்க ஆண்டவனாலும் முடியாது என்பது என் அனுபவம்.

அட்டவணையைப் பார்த்துவிட்டு டீச்சர், "சரிங்க சார்" என்றார். வகுப்பை ஆய்வுக்கூடத்துக்கு மாற்றி, பிள்ளைகளை மேசையைச் சுற்றி நிற்க வைத்துவிட்டார். நிற்கிறவன் எப்படித் தூங்குவான்?

என் காலை வகுப்பில்தான் தூங்கினார்கள்.

சும்மா விடுவதா என்று நானும் ஒரு செய்முறை காட்ட முடிவு செய்தேன். அலுமினியக் குழாய்க்கு எங்கே போவது? வீட்டு ஹாலில் திரைச்சீலை மாட்டியிருந்த குழாய்க் கம்பி பளபளவென்று இருந்தது. திரையை உருவி நாற்காலியில் போட்டேன். மனைவி, எதற்கு என்று கேட்டாள். மின்காந்தத் தூண்டல் என்றேன். அவள் முப்பது வருடமாக என்னோடு இருப்பதால் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஈட்டி மாதிரி கம்பியைப் பிடித்தபடி வகுப்புக்குள் நுழைந்தேன். வந்திருந்த அத்தனை பேரும் விழித்திருந்தார்கள். அதுவே பாதி வெற்றி.

காந்தத்தைக் குழாயின் வாயருகே கொண்டுபோனேன். டப்பென்று ஒட்டிக்கொண்டது. மேலே மட்டும் பளபளப்பு. உள்ளே சுத்தமான இரும்பு. பிடுங்கப் பார்த்தேன். வரவில்லை.

அன்றைக்கு எண்ணிய அதே பெண் முன்பெஞ்சில் இருந்தாள். மூன்று எண்ணினாள். ஐந்து எண்ணினாள்.

"சார், லென்ஸ் விதி இம்புட்டு ஸ்ட்ராங்கா சார்?" என்றாள்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? ஆனால் உள்ளே எரிந்துகொண்டிருந்தது. இதை அவர்கள் வியாழக்கிழமை டீச்சரிடம் சொல்வார்கள். டீச்சர் விளாங்குடியில் சொல்வார். அங்கே ஒருத்தன் சௌராஷ்டிரத்தில் வீட்டுக்கு போன் போடுவான்.

நவம்பர் கடைசி. உத்தரவின் தேதி நெருங்கியது. நீட்டிப்புக் கேட்டு நான் கடிதம் அனுப்ப வேண்டும். எழுதிவிட்டேன், கையெழுத்தும் போட்டுவிட்டேன், மேசையின் இரண்டாம் இழுப்பறையில் வைத்துவிட்டேன். திங்கள் அனுப்பலாம் என்று நினைத்தேன். புதனும் போனது. இரண்டாம் தொகுதியை நானே முடித்துவிட்டால் என்ன? கேடயம் வருகிறதோ இல்லையோ, 'ஹெச்.எம். சாரே எடுத்தாரு' என்று ஒரு பேச்சு இருக்கும். டீச்சர் வந்தால் அந்தப் பேச்சும் விளாங்குடிக்குப் போய்விடும். இழுப்பறையைத் திறப்பேன், கடிதத்தைப் பார்ப்பேன், மூடுவேன். டீச்சர் ஒரு நாள் கையெழுத்துப் போட வந்தபோது, 'அரையாண்டுக்கு அப்புறமும் வரணுமாங்க சார்?' என்று கேட்டார். ஒளியியல் ஆரம்பிக்க லென்சுகள் எடுத்து வைக்க வேண்டுமாம். பார்க்கலாம்மா என்றேன். அந்தப் 'பார்க்கலாம்மா'வை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அந்த வாரம் ஓர் அலகுத் தேர்வு வைத்தோம். வினாத்தாள் டீச்சர் தயாரித்தது. அவர் நடத்தியதில் பாதி, நான் நடத்தியதில் பாதி. திருத்துவதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சர் பகுதிக் கேள்விகளுக்குப் பிள்ளைகள் அவரவர் மொழியில் எழுதியிருந்தார்கள். ஒருத்தி குழாய்ப் படம் போட்டு, காந்தத்துக்குப் பக்கத்தில் 'இறங்க மாட்டேன்' என்று எழுதியிருந்தாள். ஒருவன் விதியைத் தலைகீழாக எழுதிவிட்டு, தானே உணர்ந்து அடித்துத் திருத்தியிருந்தான். என் பகுதிக்கு வந்தேன். ஏற்று மின்மாற்றி பற்றிய கேள்வி. முதல் தாளில், 'ஏற்று மின்மாற்றியில் மின்னழுத்தம் உயரும், மின்னோட்டமும் உயரும்' என்று இருந்தது. தப்பு. மின்னழுத்தம் உயர்ந்தால் மின்னோட்டம் குறையும். இரண்டும் சேர்ந்து உயர்வதற்கு அது என்ன, காசில்லாமல் கரண்ட் கொடுக்கும் பெட்டியா? சுழித்தேன். இரண்டாம் தாளிலும் அதே. சுழித்தேன். மூன்றாவது, நான்காவது. காற்புள்ளி கூட ஒரே இடத்தில். கோபம் வந்துவிட்டது. மொத்த வகுப்பும் காப்பி அடித்திருக்கிறது என்று எழுந்துவிட்டேன். யாருடைய தாளைப் பார்த்து? முதலில் தப்பு எழுதியவன் யார் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கி வரச் சொன்னேன்.

நோட்டில் தேதி போட்டு இருந்தது. நான் சொல்லச் சொல்ல எழுதியது. கம்பியைத் தூக்கிக்கொண்டு போன அதே நாள். அந்த அவமானத்தின் அவசரத்தில், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறேன். 'மின்னழுத்தம் உயரும், மின்னோட்டமும் உயரும்.' அதே காற்புள்ளி.

நாற்பத்திரண்டு தாள்களில் முப்பத்தொன்பதில் அந்த வரி. எழுதாத மூன்று பேர் அந்தக் கம்பி நாளில் லீவு. முன்பெஞ்சுப் பெண் வீட்டில் ஏதோ புத்தகத்தில் சரியாகப் படித்திருக்கிறாள் போல. 'குறையும்' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, 'உயரும்' என்று மாற்றியிருந்தாள். ஹெச்.எம். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

அவளுக்கு அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்தேன். விதிப்படி கொடுக்கக் கூடாது. சிவப்பு மையில் எல்லாத் தாளிலும் சரியான விடையை எழுதி, 'தவறு என்னுடையது' என்று போட்டுக்கொண்டே வந்தேன். பத்தாவது தாளில் கை வலித்தது. பதினைந்தாவது தாளில் இரண்டாம் இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். தேதியை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினேன்.

உடனே அனுப்பியிருந்தால் கதை மரியாதையாக முடிந்திருக்கும். ஆனால் இவ்வளவு நாள் ஏன் தாமதம் என்று அவன் கேட்பானே? கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது நல்லது என்று மாப்ளைக்கு போன் போட்டேன். ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. திரைச்சீலைக் கம்பியைச் சொன்னேன். மதியப் பாடவேளையை வேண்டுமென்றே கொடுத்ததைச் சொன்னேன். மின்மாற்றியைச் சொன்னேன். கடிதம் பத்து நாளாக இழுப்பறையில் கிடப்பதைச் சொன்னேன். கேடயத்தை மடியில் வைத்திருந்தபோது என்ன நினைப்பேன் என்பதைக்கூடச் சொன்னேன். நடுவில் அவன் பள்ளி மணி அடித்தது கேட்டது. யாரோ கையெழுத்துக் கேட்டது கேட்டது. கடைசியில், மூச்சு வாங்க, இத்தனைக்கும் ஆரம்பம் ஆகஸ்டில் உன் படிவத்தைப் பார்த்து நான் காப்பி அடித்ததுதான்டா, உன் தொழிற்கல்வி வாத்தியாரையும் சேர்த்து, என்று சொல்லி முடித்தேன்.

"தெரியும், லெட்டர அனுப்பு" என்றான்.